நிற்க வைத்து எடுத்த இரண்டு படங்கள்

நாள் முழுக்க நான் மற்றவர்களை அசையாமல் நிற்கச் சொல்கிறேன். எனக்கோ ஓரிடத்தில் நிற்க வராது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்துவிடுவேன். உலை கொதிக்கும்போதே மாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவேன். காய்ந்ததா என்று பார்க்க இல்லை. போய்வர ஒரு சாக்கு. அப்படிப்பட்டவளுக்கு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்தது. ஆம்பூரிலிருந்து தினமும் போய்வருகிறேன்.

முட்டிப் படத்துக்கு வருகிறவர்களைப் படுக்க வைத்து எடுக்கக் கூடாது. படுத்தால் முட்டி ஓய்வெடுக்கும், தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தாராளமாகத் தெரியும், தேய்ந்த முட்டிகூட நல்ல பிள்ளையாக முகம் காட்டும். அதனால் நிற்க வைக்கிறோம். உடம்பின் பாரம் இறங்கும்போது அந்த இடைவெளி எவ்வளவு ஒடுங்குகிறது என்பதுதான் படத்தின் சேதி. அந்த இடைவெளி படத்தில் கறுப்பாக இருக்கும். குருத்தெலும்பு அங்கேதான் இருக்கிறது, ஆனால் எக்ஸ்ரேயில் விழாது. இல்லாததுபோலத் தெரியும் ஒன்றை, அது விட்டிருக்கும் இடத்தை வைத்து அளக்கிறோம். ஊரார் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்பார்கள். நாங்கள் இடைவெளி குறைந்துவிட்டது என்போம்.

"ரெண்டு கால்லயும் சமமா வெயிட் போடுங்க. ஒரு காலைத் தூக்காதீங்க. ஆடாதீங்க."

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். வலிக்கிற காலில் பாரம் போட யாருக்கு மனசு வரும். பெருவிரலை மட்டும் ஊன்றி, பாரத்தையெல்லாம் அடுத்த காலுக்குத் தள்ளிவிட்டு, நிற்பதுபோல நிற்பார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்துவிடும். மறுபடி போய்த் தோளைத் தொட்டுச் சரி செய்வேன்.

அப்படித்தான் என் அம்மாவின் தோளையும் தொட்டுச் சரி செய்தேன். அதே நாள், அடுத்த ஆளாக, என் மாமியாரின் தோளையும்.

அப்பா போனபின் அம்மாவை ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே இரண்டு. கீழறை அம்மாவுக்கு. மேலே ஒன்றில் மாமியார், இன்னொன்றில் நானும் என் கணவரும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கீழே குளியலறையில் உட்காரும் கம்மோடு உண்டு. மேலே குந்துகிற கக்கூஸ்தான். வீடு கட்டும்போது யாருக்கும் முட்டி இல்லை, அதாவது முட்டி இருப்பதே தெரியவில்லை.

மாமியாருக்கு மேலறைதான் உயிர். தோல் கம்பெனியில் ஷூ மேல்பாகத்துக்கு ஓரம் வெட்டும் மேசையில் காலம் முழுக்க நின்று வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றும் ஓயவில்லை. சாயந்தரம் கம்பெனி வேன்கள் தெருமுனையில் பெண்களை இறக்கிவிடும் நேரத்துக்கு மொட்டைமாடி கைப்பிடிச்சுவரில் இருப்பார். கீழே போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அன்றைக்கு யார் யாரோடு சண்டை, எந்த லைனில் வேலை கம்மி, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார். மாடி அவருக்கு அறை மட்டும் இல்லை, ஊர்.

அம்மா கடலைக் கொல்லையில் குந்தி நகர்ந்தே வயசானவள். இப்போது குந்த முடியாது. வலது முட்டி. நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் முகம் எழும், பிறகு கை மேசையைத் தேடும், கடைசியில்தான் கால். ராத்திரியில் முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து. காலையில் கேட்டால், "தூங்கனேன் பாப்பா" என்பாள். கண் வேறு சொல்லும்.

எலும்பு டாக்டரிடம் காட்டலாம் என்று கிளம்பிய அன்று மாமியாரும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு தடவ பாத்துடலாம்மா. கால் வளைஞ்சிகினே போவுது, என் மருமவளே எக்ஸ்ரே வேலையில இருக்கா, நான் இன்னா இளிச்சவாயா?"

"உங்களுக்கு வலி எதுனா இருக்குதா அத்த?"

"வலியா? மழ வந்தா கொஞ்சம் சொல்லும். மத்தபடி அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்."

அன்று ஓ.பி.யில் இருந்த டாக்டர் அவசரத்தில் இருந்தார். அம்மாவின் முட்டியை ஒரு பார்வை, மாமியாரின் வளைந்த காலை ஒரு பார்வை, இருவருக்கும் நின்ற நிலையில் படம் என்று எழுதி அனுப்பிவிட்டார். ரிப்போர்ட் வந்ததும் வாருங்கள் என்றார். எடுத்தேன். மாமியார் பிளேட்டுக்கு முன்னால் கம்பெனி கேட்டில் நிற்பதுபோல நேராக நின்றார். அம்மாதான் பெருவிரலை ஊன்றி ஏமாற்றினாள்.

"அம்மா, வலது கால்ல வெயிட் போடு."

"போட்டுதான் இருக்கேன்."

"போடல."

போட்டாள். நான் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்துகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த உதடு படத்தில் விழவில்லை.

ரிப்போர்ட் மறுநாள் என் கைபேசிக்கு வந்தது. முட்டித் தேய்மானத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை படி உண்டு. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் சந்தேகம், ஓரத்தில் மயிரளவு எலும்பு முளை இருக்கலாம். இரண்டில் அந்த முளை நிச்சயம், இடைவெளி குறைந்திருக்கலாம். மூன்றில் முளைகள் பல, இடைவெளி குறைந்தது நிச்சயம். நாலில் முளைகள் பெரிது, இடைவெளி அநேகமாக இல்லை, எலும்பின் விளிம்பு வெளுத்துக் கெட்டிப்பட்டு உருவமே மாறியிருக்கும்.

அம்மாவுக்கு ஒன்று. மாமியாருக்கு நாலு.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம். பேர் மாறிவிட்டதோ. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இல்லை. வளைந்த அந்தக் கால்களை நான் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். உள்பக்கம் எலும்பும் எலும்பும் முத்தமிடுவதுபோல ஒட்டிக்கிடந்தது மாமியாரின் முட்டிதான். இடைவெளி அகலமாக, ஓரங்கள் வழவழப்பாக, கடலைக் கொல்லையின் அடையாளமே இல்லாமல் இருந்தது அம்மாவின் முட்டிதான். ராத்திரியெல்லாம் தலையணை வைத்து எடுக்கிற முட்டி.

எனக்கு இது புதிதில்லை. பெரிய நம்பர்காரர் தானே நடந்து வந்து, தானே நடந்து போவார். சின்ன நம்பர்காரரை மகன் தாங்கிப் பிடித்து அழைத்துவருவார். பல வருசமாகப் பார்க்கிறேன். ஆனால் வெளியே பார்ப்பது வேறு, அது வீட்டுக்குள் வந்து உட்காருவது வேறு.

அவர், என் கணவர், தோல் கம்பெனியில் அசார்ட்டிங் பார்க்கிறவர். பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை. மேசைமேல் விளக்கு வெளிச்சத்தில் தோலை விரித்துப் போட்டால் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, எல்லாம் அவர் கண்ணுக்குத் தானாக வந்துவிடும். ஒன்று என்பார், மூன்று என்பார், அந்தத் தோலின் விதி அதோடு முடிந்தது. ஒன்று என்றால் ஏற்றுமதிக்கு, நாலு என்றால் மூலைக்கு. நம்பர் போட்டபின் யாரும் அவரிடம் பேரம் பேசுவதில்லை. வீட்டிலும் அவர் கண் அப்படியே. பிஞ்சுக் கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்.

அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. கைபேசியைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கம்மா நாலா?"

"ஆமா. ஆனா அது மட்டும் வெச்சி..."

"நாலு. லாஸ்ட் கிரேடு. இத்தினி நாளா அந்தக் காலை வெச்சிகினு மாடி ஏறி எறங்கியிருக்குது. வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லல." அவர் கண் கலங்கிவிட்டது. "உங்கம்மா ஒண்ணு. ஒண்ணுன்னா பிரெஷ் பீசு."

"எங்கம்மாவுக்கு வலிக்குதுங்க."

"வலிக்காதுன்னு நான் சொல்லல. ஆனா எது ஜாஸ்தி, எது கம்மின்னு எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அறை மாறியது. மாமியாரின் கட்டில் கீழே வந்தது. அம்மாவின் கட்டில் மேலே போனது. யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா தன் மருந்துப் பையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் வைத்து வைத்து ஏறினாள். பாதியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாப்ள சொல்றது சரிதானே. அவங்களுக்குத்தான் தேஞ்சிருக்குது. எனக்குப் படமே ஒண்ணுமில்லன்னு சொல்லுது."

வலிக்கிறவள் வாயாலேயே வலியை வாபஸ் வாங்க வைத்துவிட்டது என் படம்.

அதன்பின் வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பான பக்கம் சாய ஆரம்பித்தது. கீழே, மாமியார் நடக்கப் பயந்தார். எலும்போடு எலும்பு உரசுகிறது என்று என் கணவர் எடுத்துச் சொல்லியிருந்தார், தன் அம்மாவின் மேல் உள்ள பாசத்தில்தான். அந்தச் சொல் அந்தப் பெண்ணின் முட்டிக்குள் போய்க் குடியேறிவிட்டது. கறிவேப்பிலை வாங்கக்கூடத் தெருமுனைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முட்டியின்மேல் கை வைத்து, உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். மழையில்லாத நாளிலும் வலிக்கிறது என்றார். சாயந்தரம் வேன்கள் வந்தன, பெண்கள் இறங்கினார்கள், மேலே பார்த்தார்கள், கைப்பிடிச்சுவர் வெறுமையாக இருந்தது. ஒருத்தி வீட்டு வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா, மாடியில ஆளையே காணோம்?"

"நாலாம் நம்பர்டி. எறங்குன வண்டி எறங்குனதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் போனபின் அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

மேலே, அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். எனக்கு அது தெரிய ஒரு வாரம் பிடித்தது. சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தக் கக்கூஸில் குந்தி எழ முடியவில்லை, கீழே இறங்கிப் போகலாம் என்றால் படி, அதனால் தண்ணீரே வேண்டாம். வெயில் காலம். ஆம்பூர் வெயில், கூரை ஓடும் ரோட்டுத் தாரும் காய்ந்து, பாலாற்று மணலிலிருந்து அனல் எழுந்து வரும் வெயில். அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லி? அவங்க கட்டில மறுபடி தூக்கச் சொல்லவா? நடிக்கிறான்னுவாங்க பாப்பா. படத்துல இல்லாதத எப்படிக் காட்டறது?"

அன்று நான் வீட்டுக்குள் எத்தனை தடவை மேலும் கீழும் போனேனோ. அடுப்படி, மாடி, வாசல், மாடி. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். குரல் உயர்ந்ததா, எனக்கு நினைவில்லை. அவர் கையிலிருந்த சோற்றுருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"நான் இன்னா உங்கம்மாவுக்குப் பகையா? ஒரு ரூம்தான் கீழ இருக்குது. ரெண்டு பேருக்கும் வலின்னா, நான் எதை வெச்சி முடிவு பண்றது? நீதானே எடுத்த படம். நீயே அத நம்பலன்னா அப்புறம் எதுக்கு எடுக்கறீங்க?"

நியாயமான கேள்வி. படம் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும். இப்படி எதையோ முணுமுணுத்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன்.

"வர்ற கெழமை ரிப்போர்ட்டை எடுத்துகினு டாக்டரப் பாக்கப் போறோம். நீங்களும் லீவு போட்டு வாங்க" என்று மட்டும் இறங்கி வந்து சொன்னேன். வந்தார்.

இந்த முறை வேறு டாக்டர், ஒரு பெண். என்னைவிட வயசில் சின்னவர், குரல் மெதுவானவர், காலணியைக் கழற்றி மேசைக்கடியில் விட்டிருந்தார். நான் படத்தை நீட்டினேன். அவர் வாங்கி, பார்க்காமல், கவிழ்த்து வைத்தார்.

"இருக்கட்டும். மொதல்ல அம்மா எழுந்திருங்க. கை ஊனாம."

அம்மா எங்களைப் பார்த்தாள். குற்றம் செய்தவள் போல. கை ஊன்றாமல் எழப் பார்த்தாள். முகம் எழுந்தது. கால் எழவில்லை. மறுபடி முயன்றாள். மூன்றாம் தடவை டாக்டரே கையைப் பிடித்து எழுப்பினார். பக்கத்தில் இருந்த ஒரு மரப்படி மேல் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். இறங்கும்போது அம்மா பக்கவாட்டில், ஒரு நண்டுபோல இறங்கினாள்.

படுக்க வைத்துத் தொடையை மடக்கி இடுப்பைத் திருப்பினார். "சில பேருக்குக் கோளாறு இடுப்பு மூட்டுல இருக்கும், வலி முட்டியில வந்து சொல்லும். இங்க வலிக்குதா?" வலிக்கவில்லை. முட்டியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் நீர் ததும்புகிறதா என்று பார்த்தார். லேசாகத் ததும்பியது. உள்பக்கம் முட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடத்தை விரலால் தொட்டார். அம்மாவின் கை தன்னால் வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. முட்டியின்மேல் கையை வைத்தபடியே காலை மடக்கி, நீட்டி, மடக்கி, உள்ளங்கையால் கேட்டார். கடைசியில் இரண்டு தொடையையும் பிடித்துப் பார்த்து, வலது தொடை மெலிந்திருப்பதை என் கையையும் வைத்துக் காட்டினார்.

"ராத்திரி தூங்கறீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அவங்களப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லம்மா." பிறகு, யாரும் கேட்காமலேயே, "நான் நடிக்கல" என்றாள்.

வெளியே ஓ.பி.யில் யாரோ பேர் கூப்பிட்டார்கள். மாமியார் எட்டிச் சம்பந்தியின் புடவையை இழுத்துக் காலை மூடிவிட்டார்.

"நடிக்கறீங்கன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இப்போதுதான் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் செருகினார். "இதுல எலும்பு தெரியுது. குருத்தெலும்பு தெரியாது, அதுக்கு வலிக்கிற நரம்பும் கெடையாது. வலி வர்றது மூட்டுக்கு உறை மாதிரி இருக்கற சவ்வு வீங்கினா, எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை கன்னிப்போனா, சுத்தி இருக்கற தசைநாண் புண்ணானா. இது எதுவும் சாதா எக்ஸ்ரேல விழாது. தொடையில பலம் இல்லன்னா பாரம் எல்லாம் மூட்டு மேலதான். தூக்கம் இல்லாட்டி அதே வலி ரெண்டு மடங்காத் தெரியும். பயம் இருந்தாலும் அப்படித்தான்." கடைசியைச் சொல்லும்போது, முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார்.

என் கணவர் குறுக்கிட்டார். "அப்ப அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லீங்களா மேடம்?"

"இருக்குது. ஊர் பூராக் கூட்டிப் பாத்தா பெரிய நம்பர்காரங்களுக்கு வலியும் ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஆனா ஒரு ஆளக் கொண்டாந்து நிறுத்தினா, நம்பர வெச்சி அவங்க வலியச் சொல்ல முடியாது. ஆபரேஷனே நாங்க நம்பர மட்டும் பாத்துப் பண்றதில்ல. சார் இன்னா வேல பாக்கறீங்க?"

"தோல் கம்பெனி. அசார்ட்டிங்."

"அப்படின்னா?"

"தரம் பாக்கறது. கண்ணால பாத்து நம்பர் போடறது." சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் பார்வை டாக்டரின் கை மேல் இருந்தது, அது மறுபடி அம்மாவின் முட்டிக்கு வந்திருந்தது. "கண்ணால மட்டும் இல்லீங்க. மேல ஒரு புள்ளி இருக்காது. மடிச்சிப் பாத்தா சுருக்கம் விழும், உள்ள லூசா இருக்கும். விரல விட்டு மடிச்சாத்தான் தெரியும். நாங்களும் மடிச்சிப் பாத்துட்டுதான் நம்பர் போடுவோம்."

அவர் தன் கையைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மாமியாரின் முறை வந்தது. கை ஊன்றாமல் எழுந்தார். படி ஏறினார், இறங்கினார். கால் வளைவு இருந்தது, மடக்கினால் முழுசாக மடங்கவில்லை, நறநறவென்று சத்தம் எனக்கே கேட்டது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு யோசித்தார்.

"உண்மையச் சொல்லட்டாம்மா? படம் எடுக்கறதுக்கு முன்னாடி வலி இல்ல. நாலுன்னு கேட்டதுலேருந்துதான் வலிக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டும் உண்மையா இருக்கலாம். சத்தத்துக்குப் பயப்படாதீங்க. நடங்க. நடந்தா தேஞ்சிடும்னு நெனைக்காதீங்க, நடக்காம உட்காந்தாதான் தொடை இளைச்சிப் போகும். ராத்திரி தூங்க விடாம வலிச்சா, நாலு எட்டு வெக்க முடியலன்னா, அப்ப வாங்க, ஆபரேஷன் பத்திப் பேசலாம். இன்னிக்கு இந்தப் படத்துக்கு நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன்."

"மாடி ஏறலாமா?"

"முடியுதுன்னா ஏறுங்க."

"அப்ப என் ரூம எனக்குக் குடுத்துடச் சொல்லுங்க. கீழ காத்தே இல்ல. சம்பந்தி பாவம், மேல கெடந்து தண்ணி குடிக்காம காயறாங்க, எனக்குத் தெரியாதா? எம் பையன் ஆசையாச் செஞ்சிட்டான், எப்படி வேணாம்னு சொல்றதுன்னு இருந்துட்டேன்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"நீ நம்பர் போட்டுட்டா யாருடா பேச முடியும்?"

அம்மாவுக்குத் தொடைக்கான பயிற்சி எழுதிக்கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பழகியபின் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். முட்டியில் தடவ ஒரு ஜெல். வெந்நீர் ஒத்தடம். கைத்தடி, இடது கையில். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் பாரம் பிரியும் என்றார்கள். அம்மாவுக்கு அது விளங்கவில்லை, வலிக்கிற பக்கமே பிடிக்கப் பார்த்தாள். கீழே உட்காருவது, குந்துவது கொஞ்ச நாளுக்கு வேண்டாம். வலி முழுசாப் போயிடுமா என்று அம்மா கேட்டதற்கு, குறையும், முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். அந்தப் பதிலை அம்மா மரியாதையோடு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்திருந்தாள். பள்ளிகொண்டா தாண்டும்போது முக்கால் பாட்டில் காலி. நான் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கே ஆச்சரியம்.

அன்று சாயந்தரமே கட்டில்கள் மாறின. என் கணவர் ஒற்றை ஆளாகவே இழுத்தார், நான் பிடிக்கப் போனால் வேண்டாம் என்றார். அம்மாவின் கட்டிலைக் கீழே போட்டபின் அதன் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது மரக்கட்டைகள் கொண்டுவந்து நாலு காலுக்கும் கீழே வைத்து உயர்த்தினார். "உக்காந்து பாருங்க அத்த. எழுந்திருக்க சுளுவா இருக்குதா?" அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள். முகமும் காலும் கொஞ்சம் சேர்ந்தே எழுந்தன. "இன்னும் கொஞ்சம் ஒசத்தலாம் மாப்ள." இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். மன்னிப்பு என்று ஒரு சொல் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. கட்டில் ஒசந்தது.

இதெல்லாம் நடந்து இப்போது மழைக்காலம் வந்துவிட்டது. அம்மாவுக்கு வலி போகவில்லை. சில ராத்திரி தலையணை இன்னும் வைத்து எடுக்கப்படுகிறது. ஆனால் கேட்டால் இப்போது "தூங்கல பாப்பா" என்கிறாள். அது எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன், போதாது. ஆனால் அது உண்மை. காலையும் சாயந்தரமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி அந்தரத்தில் பிடித்திருக்கிறாள். மாடியிலிருந்து மாமியார் படிக்கட்டு வழியாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"இன்னா சம்பந்தி, ஒண்ணாங்கிளாஸ் பாடம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. நாலாங்கிளாஸ் எறங்கி வரட்டும், டீ போட்டாச்சி."

கைப்பிடியைப் பிடித்து, வளைந்த கால்கள் ஒவ்வொன்றாக நறநறவென இறங்கி வருகின்றன. படத்தின்படி அவை அப்படி இறங்கக் கூடாது.

எக்ஸ்ரே அறையில் நான் அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமமா வெயிட் போடுங்க, ஆடாதீங்க. படம் சரியாக இருக்க வேண்டும், அதில் எனக்குச் சமரசம் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பொத்தானை அழுத்தியபின் உடனே அடுத்த பேரைக் கூப்பிட ஓடுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, படத்துக்கு ஏறி நின்ற படியிலிருந்து அவர்கள் இறங்குவதைப் பார்க்கிறேன். நேராக இறங்குகிறார்களா, பக்கவாட்டில் இறங்குகிறார்களா, கை எதைத் தேடுகிறது. எழுதி அனுப்ப அதற்கொரு இடம் எங்கள் ரிப்போர்ட்டில் கிடையாது. அவர்களோடு வந்திருக்கும் மகனோ மருமகளோ யாராவது வெளியே நின்று கேட்பார்கள்: "எப்படிங்க இருக்குது படம்? ஜாஸ்தியா, கம்மியா?"

"டாக்டர் சொல்வாங்க" என்பேன். சொல்லிவிட்டும் போகாமல் நிற்பேன். "படிய எப்படி எறங்கறாங்கன்னும் டாக்டர்கிட்ட சொல்லணும். தூங்கறாங்களான்னும். நீங்க சொல்லாதீங்க, அவங்களையே சொல்ல விடுங்க."